பவர் மிஷின் வாங்குவதற்கு முன் கைவேலையைக் கணக்கிடுங்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர் இருக்கிறோம். மூன்று வருடமாக வாரம் ஆளுக்கு 100 ரூபாய் சேமிக்கிறோம். எனக்குத் தையல் தெரியும். பழைய கால் மிஷினில் வாரத்துக்கு எட்டு, ஒன்பது லைனிங் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கூலி 200 ரூபாய். இப்போது குழுவுக்கு 6 லட்சம் வங்கிக் கடன் வருகிறது. ஆளுக்கு 50,000 பிரித்துக்கொள்ளப் போகிறோம். அதில் பவர் மிஷின், ஓவர்லாக் இரண்டும் வாங்கி, கடைவீதியில் மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு ஒரு கடை பிடிக்கலாம் என்று இருக்கிறேன். கடன் வேண்டாம், என் சேமிப்பை எடுத்துத் தொடங்கு என்கிறார் கணவர். கடன் வந்துவிட்டால் குழுச் சேமிப்பைத் தொடவே கூடாது என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வங்கியில் குழுக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், கடையைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 50,000 ரூபாயை இரண்டு ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதம் அசல் மட்டும் ஏறத்தாழ 2,080 ரூபாய். குழு உங்களிடம் மாதம் ஒரு சதவீதம் வட்டி வாங்கினால் முதல் மாத வட்டி 500. கடை வாடகையையும் சேர்த்தால் 6,580 ரூபாய் ஆகிறது. ஒரு ரவிக்கைக்கு நூல், கொக்கி, மின்சாரம் என்று 12 ரூபாய் போனால் உங்கள் கையில் நிற்பது 188 ரூபாய். அப்படியென்றால் மாதம் 35 ரவிக்கை தைத்தால்தான் தவணையும் வாடகையும் தீரும். நீங்கள் இப்போது தைப்பதே மாதத்துக்கு அவ்வளவுதான். இன்று வீட்டுச் செலவுக்கு வந்துகொண்டிருக்கும் தையல் பணம் முழுவதும் வங்கிக்கும் கடைக்காரருக்கும் போய்விடும். அதற்கு மேல் புதிதாக வரும் ரவிக்கைகளில்தான் உங்களுக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சும்.

இதற்கு நேர்மாறான வழியில் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் முதன்முதலாகத் திட்டமாகத் தொடங்கப்பட்ட மாவட்டம் அது என்பதால், சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம் என்றெல்லாம் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய குழுவில் 14 பேர். சில ஆண்டுகளுக்கு முன்பு வாரம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் சொந்தமாகப் போட்டது 5,200 ரூபாய். அதை அவர் திரும்ப எடுக்கவில்லை. அதைக் குழுவிலேயே விட்டுவிட்டு, குழுவிடமிருந்து 6,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். மாதம் ஒரு சதவீத வட்டி, அதுவும் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும், பத்து மாதத் தவணை. பத்து மாதத்தில் அவர் கட்டிய மொத்த வட்டி 330 ரூபாய். அந்த 330 ரூபாயும் வெளியே போகவில்லை. குழுவின் பொது நிதியில் சேர்ந்து, அதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

உங்கள் கணவர் சொல்வதற்கான பதில் இதில் இருக்கிறது. குழுவில் போடும் சேமிப்பு, தபால் நிலையத்தில் போட்ட பணம் போல வேண்டும்போது எடுத்துக்கொள்வதற்கானது அல்ல. உறுப்பினர் குழுவை விட்டு விலகும்போதுதான் வழக்கமாகக் கணக்குத் தீர்ப்பார்கள். அது குழுவில் கிடக்கும்வரை, அதைக் காட்டிலும் பெரிய தொகையை நீங்கள் கடனாகக் கேட்க முடியும். வங்கியும் குழுவின் சேமிப்பையும் உள்கடன் நடத்தும் ஒழுங்கையும் பார்த்துத்தான் கடன் அளவை முடிவு செய்கிறது. உங்கள் பங்கு 15,600 ரூபாயை உருவினால், அடுத்த முறை குழு வாங்கக்கூடிய கடனும் அதற்கேற்பக் குறையும்.

அந்தப் பெண் 6,000 ரூபாயை என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அன்று அவருக்குத் தவறான யோசனை சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கிப் பவர் மிஷின் வாங்குங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை. மாமியாரின் பழைய கால் மிஷினுக்கு பெல்ட், பாபின் கேஸ் மாற்றி, முழுவதும் கழற்றி எண்ணெய் போட 900 ரூபாய். அதற்கு மிதியோடு ஒரு மோட்டார் பொருத்த 1,800. நல்ல கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் 1,300. மீதி 2,000 ரூபாய்க்கு நூல்கண்டுகளும் கொக்கிகளும், அதிகம் கேட்கப்படும் நிறங்களில் லைனிங் துணியும். லைனிங் துணியை எதற்கு வாங்கி வைக்கிறீர்கள், அது வாடிக்கையாளர் கொண்டுவர வேண்டியதுதானே என்று கேட்டேன். "சேலையோட வர்ற பிளவுஸ் பிட்டை மட்டும் குடுத்துட்டுப் போயிடுவாங்க சார். லைனிங் வாங்க டவுனுக்குப் போக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்துல துணி வேற டெய்லர்கிட்டப் போயிடும்" என்றார்.

பவர் மிஷின் வாங்காததற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் துல்லியமானது. ஒரு லைனிங் ரவிக்கைக்கு என்ன நேரமாகிறது என்று அவர் செல்போனில் மணி பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அளவு ரவிக்கையைப் பார்த்துக் குறித்து வெட்ட அரை மணி. மிஷினில் தைக்க ஒரு மணி. மோட்டார் போட்ட பிறகு அது முக்கால் மணியாகக் குறைந்தது. அதன்பின் கையால் ஹெம்மிங் செய்து, கொக்கியும் வளையமும் கட்ட முக்கால் மணி. பவர் மிஷின் வேகமாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ரவிக்கையில் நீண்ட நேர்த்தையல் எங்கே இருக்கிறது? கழுத்து வளைவு, டக், கை இணைப்பு என்று நான்கு அங்குலத்துக்கு ஒரு முறை நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டிய வேலை அது. பவர் மிஷினால் அந்த முக்கால் மணியில் இன்னும் பத்து நிமிடம் மிச்சமாகலாம். கைவேலை செய்யும் முக்கால் மணியை எந்த மிஷினும் தொடப்போவதில்லை.

ஆகவே அவர் கைவேலையை வெளியே கொடுத்தார். அதே குழுவில், இரண்டு வீடு தள்ளி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்த ஓர் உறுப்பினருக்கு, ஒரு ரவிக்கைக்கு 20 ரூபாய். அப்போது அந்த ஊரில் கூலி 150 ரூபாய். எல்லாவற்றையும் தானே செய்தால் சில்லறைச் செலவு 10 ரூபாய் போக 140 ரூபாய் நிற்கும், இரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு 70 ரூபாய். கைவேலையைக் கொடுத்துவிட்டால் 120 ரூபாய்தான் நிற்கும், ஆனால் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். மணிக்கு 96 ரூபாய். ஒரு ரவிக்கையில் கிடைப்பது குறைந்து, ஒரு நாளில் கிடைப்பது கூடிய இந்தக் கணக்கை அவர் எனக்குச் சொன்னபோது, நான் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த லாப நட்டக் கணக்குகள் எல்லாம் கொஞ்சம் வெட்கப்பட வைத்தன. இந்தக் கணக்கு ஓரிடத்தில்தான் பொய்க்கும்: மிச்சமான நேரத்தை நிரப்பத் துணி வரவேண்டும். துணி வராத மாதத்தில் கைவேலையை வெளியே கொடுப்பது வெறும் செலவு.

துணி வராத மாதங்கள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்களில் இரவு பதினொரு மணிவரை மிஷின் ஓடும். தீபாவளி மறுநாள் நின்றுவிடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத் துணி வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணத் துணி வராது. வங்கித் தவணையோ எல்லா மாதமும் ஒரே தொகை. இந்தத் தொழிலில் கடன் தவறுகிறவர்களில் பலர் தொழில் சரியில்லாமல் தவறவில்லை. நல்ல மாதத்துப் பணத்தை நல்ல மாதத்திலேயே செலவழித்துவிட்டுத் தவறுகிறார்கள். அந்தப் பெண் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் வைத்திருந்தார். தையல் கூலி முழுவதும் முதல் டப்பாவுக்குள் போகும். சனிக்கிழமைதோறும் அதிலிருந்து 700 ரூபாயை எண்ணி எடுத்து வீட்டுச் செலவுக்குத் தருவார், தீபாவளி வாரமானாலும் 700தான். இரண்டாவது டப்பாவில் இரண்டு மாதத் தவணைக்கான பணம் எப்போதும் இருக்கும். ஆடியில் அது காலியாகும், ஆவணியில் நிரம்பும்.

அவர் சறுக்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். முதல் தீபாவளிக்கு அவசரத்தில் லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் அப்படியே வெட்டித் தைத்தார். பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. கார்த்திகையில் ஐந்து ரவிக்கைகள் திரும்பி வந்தன. இடுப்புப் பட்டிக்கு மேல் துணி கொசகொசவென்று சுருண்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்துணி விரலளவு குறைந்திருந்தது. ஐந்தையும் புது லைனிங் போட்டு இலவசமாகத் தைத்துக் கொடுத்தார். அதன்பிறகு கடையிலிருந்து வந்த லைனிங் துணி, தண்ணீரில் ஓர் இரவு ஊறிக் கொடியில் காயாமல் அலமாரிக்குப் போனதில்லை. இது உங்களுக்குத் தெரிந்த விஷயமாகவே இருக்கும். தெரிந்தும் செய்யாமல் விடுவது அவசர வாரத்தில்தான் நடக்கிறது.

இரண்டாவது சறுக்கல், முன்பணம் வாங்காமல் தைத்தது. தைத்து முடித்த 23 ரவிக்கைகள் அந்தத் தீபாவளிக்குப் பிறகும் வாங்குவாரில்லாமல் கொடியில் தொங்கின. ஒன்றுக்கு 150 என்றால் 3,450 ரூபாய்; அதாவது அவருடைய கடனில் பாதிக்கு மேல் மற்றவர்களின் ரவிக்கையாகத் தொங்கியது. அதில் பாதி உறவினர்களுடையது, நான்கு அவருடைய குழு உறுப்பினர்களுடையது. அடுத்த பொங்கலிலிருந்து துணி கொடுக்கும்போதே பாதிக் கூலி என்று வைத்தார். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு பேர் வேறு தையற்காரரிடம் போனார்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு மாற்றம்தான் அவருடைய தையலைத் தொழிலாக மாற்றியது. உங்களிடம் இப்போது எத்தனை ரவிக்கை தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்து வேலைக்கு மேல் தொங்கினால், புது மிஷின் அந்த எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

ஓவர்லாக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை அவர் வாங்கினார். முதல் கடன் முடிந்தபோது அவருக்கு நைட்டியும் சுடிதாரும் நிறைய வர ஆரம்பித்திருந்தன. ஓரம் அடிக்க அவற்றைப் பாலக்கோட்டுக்கு எடுத்துப்போய், ஒரு துணிக்கு 15 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டினால் மாதம் சராசரியாக 60 துணி, 900 ரூபாய். பேருந்துச் செலவும் அரை நாள் வேலையும் தனி. ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் 9,000 ரூபாய்க்கு வந்தது. அதற்குக் குழுவில் ஓராண்டுக் கடன் வாங்கினால் முதல் மாதத் தவணை, வட்டியோடு 840 ரூபாய், பிறகு மாதாமாதம் குறையும். ஏற்கெனவே வெளியே கொடுத்துக்கொண்டிருந்த 900 ரூபாயே தவணையைக் கட்டிவிடும் என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்தது. வரப்போகும் வாடிக்கையாளரை நம்பி அவர் அதை வாங்கவில்லை. உங்களுக்கும் இதே அளவுகோலைத்தான் சொல்வேன். நீங்கள் கடிதத்தில் ரவிக்கையை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறீர்கள். லைனிங் ரவிக்கைக்கு ஓவர்லாக் பெரும்பாலும் தேவைப்படாது. மாதம் எத்தனை துணிக்கு வெளியே ஓரம் அடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பத்து, பதினைந்து என்றால் இப்போதைக்கு வெளியே கொடுப்பதே மலிவு.

கடையைப் பொறுத்தவரை, ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள் தேடிப் போவது கடைவீதியை அல்ல, அளவு பிசகாத கையைத்தான். அளவு சரிபார்க்கவும் போட்டுப் பார்க்கவும் ஒரு வீட்டின் உள்ளறை அவர்களுக்குக் கடையைவிட வசதி. அந்தப் பெண் இன்றும் வீட்டுத் திண்ணையை அடைத்துப் போட்ட அறையில்தான் மூன்று மிஷின்களோடு வேலை செய்கிறார். குழுவைச் சேர்ந்த இருவர் அவரிடம் கூலிக்குத் தைக்கிறார்கள். உத்யம் பதிவு வேண்டுமென்றால் udyamregistration.gov.in தளத்தில் கட்டணமில்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

இனி உங்கள் குழுவின் 6 லட்சத்தைப் பற்றி. ஆளுக்குச் சமமாக 50,000 என்று பிரிப்பது சண்டையில்லாத வழியாகத் தெரியும். ஆனால் வங்கி 12 பேருக்குத் தனித்தனியாகக் கடன் தரவில்லை. குழுவுக்கு ஒரே கடனாகத் தருகிறது. தேவையில்லாமல் வாங்கிய ஒருவர் அதைக் கல்யாணச் செலவுக்கோ பழைய கடனுக்கோ போட்டுவிட்டு ஆறாம் மாதம் தவணையை நிறுத்தினால், மற்ற 11 பேரும் சேர்ந்து கட்டியாக வேண்டும். அப்படிக் கட்டிய குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டிய கையோடு அவற்றில் பெரும்பாலானவை கலைந்தும் போயின. தேவையைக் கேட்டு, தொழிலுக்கு வேண்டுகிறவருக்கு வேண்டிய அளவு என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். கடன் வந்த பிறகு குழுச் சேமிப்பைத் தொடக்கூடாது என்பதும் சரியல்ல. மகளிர் குழுக் கடன்களில் 10 லட்சம்வரை பிணை கேட்கவோ, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளையில் வேறுவிதமாகச் சொன்னால், ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து போய் மேலாளரிடம் அந்த அறிவுறுத்தலைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள். சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுப்பது வங்கிக் கடன் நடக்கும்போதும் தொடர வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு, உள்கடனாகவோ வங்கிக் கடனில் ஒரு பகுதியாகவோ, 10,000 முதல் 12,000 ரூபாய். கால் மிஷினைப் பழுதுபார்த்து மோட்டார் போடுங்கள், லைனிங்கும் நூலும் இருப்பு வையுங்கள், கைவேலைக்கு ஓர் உறுப்பினரைப் பிடியுங்கள். அதற்கு முன் எட்டு வாரம் ஒரு நோட்டில் துணி வந்த நாள், கொடுத்த நாள், பணம் வந்த நாள் என்று மூன்றையும் எழுதுங்கள். எட்டாவது வாரம் வாரத்துக்குப் பதினைந்து ரவிக்கை வந்து, நீங்கள் திருப்பி அனுப்பும் துணியும் இருந்தால் பவர் மிஷினைப் பற்றி அப்போது யோசிக்கலாம். நைட்டி, பாவாடை, பள்ளிச் சீருடை போல நீண்ட தையல் வேலை வந்தால் அது நிச்சயம் பயன்படும்.

உங்கள் கடனை முடிவு செய்யும் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் வெறுமனே "கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதவிடாதீர்கள். தொகை, நோக்கம் (மோட்டார், பழுது, லைனிங் இருப்பு), மீதி அசலுக்கு மாதம் ஒரு சதவீத வட்டி, பத்து மாதத் தவணை, ஆடியிலும் மார்கழியிலும் வட்டி மட்டும் கட்டி அசலைக் கடைசியில் சேர்த்துக் கட்ட அனுமதி என்று முழுவதையும் எழுதி, வந்திருக்கும் எல்லா உறுப்பினர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் தனிநபர் பாஸ் புத்தகத்திலும் அன்றே பதியச் சொல்லுங்கள். வங்கிக் கடனிலிருந்து இந்தத் தொகை தரப்பட்டால் ஆடி, மார்கழிச் சலுகையைக் கேட்காதீர்கள். அந்த இரண்டு மாதத் தவணையை உங்கள் இரண்டாவது டப்பாவிலிருந்து கட்டுங்கள்.